திங்கள் இரண்டாம் இடம், செவ்வாய் ஆறாம் இடம்: என் பாயிண்டை யார் தொட்டது?

கிருஷ்ணகிரி_இடதுகை | செவ்வாய், இரவு 9.40

நம்ம டென்னிஸ் சுற்றில் நானும் ஆடுகிறேன். போன வருஷம் ஜூனில் கிருஷ்ணகிரியில்தான் சுற்று தொடங்கியது. அந்த முதல் போட்டியில் கோப்பை எனக்கு. இந்த வருஷம் அதே போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. இரண்டு மேட்ச் ஜெயித்து செமியில் தோற்றேன். கோப்பையை வாங்கிய பையனுக்குப் பாதி வயதுதான் இருக்கும், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் ரேங்கிங் ஷீட்டில். போட்டிக்கு முன்னால் 265 பாயிண்டுடன் மூன்றாவது இடத்தில் இருந்தேன். திங்கள் காலை பார்த்தபோது 285, இரண்டாம் இடம். வீட்டில் சொல்லிவிட்டேன், வாட்ஸப்பில் ஸ்டேட்டஸும் போட்டாயிற்று. இன்று பார்த்தால் 205, ஆறாம் இடம். நடுவில் ஒரு மேட்ச் கூட நடக்கவில்லை. ஒரே ராத்திரியில் 80 பாயிண்ட் எங்கே போகும்? எனக்கு முன்னால் இப்போது வந்திருக்கிற மூன்று பேரும் ஞாயிறன்று மைதானத்துக்கே வரவில்லை. ஆடியவன் கீழே, ஆடாதவன் மேலே. இது எந்த ஊர் நியாயம்?

என் கணக்கு இதுதான். கோப்பைக்கு 100, ரன்னருக்கு 65, செமிக்கு 40, கால் இறுதிக்கு 20, முதல் சுற்றில் தோற்றால் 5. சிறந்த ஐந்து போட்டிகள்தான் சேரும்.

கிருஷ்ணகிரி ஜூன் 100
ஓசூர் செப்டம்பர் 65
தர்மபுரி நவம்பர் 40
ராயக்கோட்டை ஜனவரி 40
பாலக்கோடு மார்ச் 20
அரூர் ஏப்ரல் 20 (ஆறாவது, சேராது)

---

பாலக்கோடு_பாலா | செவ்வாய், இரவு 10.05

அண்ணா, இதில் மர்மம் எதுவும் இல்லை. பாயிண்ட் என்பது மொபைல் ரீசார்ஜ் மாதிரி, ஒரு வருஷம்தான் வேலிடிட்டி. போன ஜூன் 100 காலாவதி, இந்த ஜூன் 40 வந்தது. 265இல் 60 போனால் 205. செவ்வாய்க் கணக்கு சரி, திங்கள் ஏதோ தப்பு.

நல்லவேளை நீங்கள் ஆடினீர்கள். ஆடாமல் வீட்டில் இருந்திருந்தால் முழு 100உம் போய் 165க்கு வந்திருப்பீர்கள். செமி போனதால் 40 மிச்சம்.

---

அரூர்_அம்மா | செவ்வாய், இரவு 10.31

என் மகனுக்கும் இதே பிரச்சினை. சேலத்தில் ஒரு போட்டியில் ஐந்து ரவுண்டு ஜெயித்தும் ரேட்டிங் குறைந்துவிட்டது. பழைய ரேட்டிங் எப்போது காலாவதி ஆகும்? அவன் எட்டு மாதமாக ஆடவில்லை, அதற்குள் போய்விடுமா?

---

பழைய_அம்பயர் | புதன், காலை 6.15

அரூர் அம்மா, உங்கள் பையன் ஆடுவது செஸ் என்று நினைக்கிறேன். அது வேறு கணக்கு. செஸ் ரேட்டிங் என்பது ஒருவருடைய பலம் இவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு. ஆடினால் ஏறும் இறங்கும், ஆடாமல் இருந்தால் அப்படியே நிற்கும். தன்னைவிடக் குறைந்த ரேட்டிங் உள்ளவர்களிடம் டிராவோ தோல்வியோ வந்திருந்தால் ஐந்து வெற்றிக்குப் பிறகும் குறையலாம். எட்டு மாதம் சும்மா இருந்தான் என்பதற்காக ஒரு பாயிண்ட் கூடப் போகாது.

டென்னிஸ் ரேங்கிங் பலத்தை அளப்பதே இல்லை. கடந்த 52 வாரத்தில் என்ன சம்பாதித்தாய் என்று மட்டும் கேட்கும். யாரைத் தோற்கடித்தாய் என்று கூடக் கேட்காது, எந்தச் சுற்று வரை போனாய் என்பதுதான் கணக்கு.

இடதுகை தம்பி, உங்கள் 285ஐ நான் கூட்டிப் பார்த்தேன். 100, 65, 40, 40, 40. அதாவது போன ஜூன் 100உம் இந்த ஜூன் 40உம் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன. யாரும் திருத்தவில்லை. திங்களன்று பழையது விழாமல் இருந்திருக்கிறது, செவ்வாயன்று விழுந்திருக்கிறது. ஏன் ஒரு நாள் தாமதம் என்பதை ஷீட் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பாலா சொன்னதில் முதல் பாதி சரி. ஆடாமல் இருந்தால் 165 என்றது சரியில்லை. அரூரில் எடுத்த 20 ஆறாவதாக வெளியே நிற்கிறது, இல்லையா? 100 விழுந்ததும் அந்தக் காலி இடத்துக்கு அது உள்ளே வரும். 65, 40, 40, 20, 20. மொத்தம் 185. இறக்கம் 100 அல்ல, 80தான்.

இதையே திருப்பிப் பார்த்தால், ஞாயிறு வரை ஓடி ஓடி எடுத்த 40 பாயிண்டால் உங்களுக்கு உண்மையில் கிடைத்தது 20தான். ஆடாமல் இருந்தாலும் 185, ஆடி 205. கால் இறுதியிலேயே தோற்றிருந்தால் மூன்றாவது ஒரு 20 வந்து அதுவும் வெளியேதான் நின்றிருக்கும், மொத்தம் அதே 185. அப்படியானால் உங்கள் முதல் சுற்று வெற்றிக்கு ரேங்கிங்கில் மதிப்பு பூஜ்யம், கால் இறுதி வெற்றிக்கு மதிப்பு 20.

---

கிருஷ்ணகிரி_இடதுகை | புதன், காலை 7.02

முதல் சுற்று வெற்றிக்குப் பூஜ்யமா! அந்த மேட்ச்தான் சார் மூன்று செட் போனது. வெயிலில் செத்தே போனேன்.

சரி, கோப்பையை மறுபடி ஜெயித்திருந்தால்?

---

பழைய_அம்பயர் | புதன், காலை 7.20

265. இருந்த இடத்திலேயே இருந்திருப்பீர்கள். ஃபைனலில் தோற்றிருந்தால் 230. அந்த வாரம் உங்களால் ஏறவே முடியாது. போன வருஷம் கோப்பை ஜெயித்தவருக்கு இந்த வருஷம் அதே வாரத்தில் அதிகபட்சம் சமநிலைதான். டிவியில் கமென்டரி சொல்கிறவர்கள் ‘இந்த வாரம் இவர் இத்தனை பாயிண்டைக் காப்பாற்ற வேண்டும்’ என்பார்களே, அது இதைத்தான். ஆனால் அந்தப் பேச்சே கொஞ்சம் ஏமாற்று வேலை. பழைய பாயிண்ட் எப்படியும் விழும், காப்பாற்றுவதற்கு வழி கிடையாது. விழுந்த இடத்தில் புதிதாக என்ன வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

எம்மா ராடுகானு நினைவிருக்கிறதா? 2021 யுஎஸ் ஓப்பனில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்து கோப்பையை வாங்கினார். 150ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் 23. அடுத்த ஒரு வருஷம் அந்த 2000 சொச்சம் பாயிண்ட் முழுசாக அவர் கணக்கில் இருந்தது. 2022இல் அதே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். 11ஆம் இடத்தில் இருந்தவர் 83க்கு விழுந்தார். அந்த ஒரு மேட்சில் அவர் ஆட்டம் 72 இடம் மோசமாகிவிடவில்லை. ஒரு வருஷமாக அந்தக் கோப்பை மறைத்து வைத்திருந்த மற்ற முடிவுகள் வெளியே தெரிந்தன, அவ்வளவுதான்.

---

பாலக்கோடு_பாலா | புதன், காலை 8.45

ஆறாவது உள்ளே வரும் என்பதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய பாயிண்ட் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். ஒரு வருஷம் முழு 100, அப்புறம் ஒரே நாளில் பூஜ்யம் என்றால் முரட்டுத்தனமாக இருக்கிறதே.

---

பழைய_அம்பயர் | புதன், காலை 9.10

நீங்கள் படித்தது கோல்ஃப். அங்கே இரண்டு வருஷக் கணக்கு. முதல் 13 வாரம் முழு மதிப்பு, அதற்கப்புறம் மிச்சமுள்ள 91 வாரத்தில் சமமாகத் தேய்ந்துகொண்டே போகும். டென்னிஸில் தேய்மானம் இல்லை. கடைசி வாரம் வரை முழுசாக நிற்கும், பிறகு ஒரே விழுகை.

முரட்டுத்தனம்தான். ஆனால் ஒரு வசதி உண்டு. போட்டி வருஷாவருஷம் அதே வாரத்தில் நடந்தால், பழையது விழும் திங்களும் புதியது ஏறும் திங்களும் ஒன்றாகவே இருக்கும். எல்லாரிடமும் எந்தத் திங்கள் பார்த்தாலும் ஒவ்வொரு போட்டியிலிருந்தும் ஒரே ஒரு முடிவுதான் இருக்கும். கையால் கூட்டிச் சரிபார்க்கலாம், உங்கள் 285ஐ நான் பார்த்த மாதிரி. தேயும் கணக்கில் அது முடியாது.

---

கெலமங்கலம்_கணக்கு | புதன், மதியம் 1.30

ஷீட் வைத்திருப்பது நான்தான். காலையிலிருந்து ஆறு போன். இடதுகை அண்ணா, யாரும் உங்கள் பாயிண்டைத் தொடவில்லை, தப்பு என் ஃபார்முலாவில். சுற்று தொடங்கி இதுதான் இரண்டாவது வருஷம். போன வருஷம் முழுக்க ஏறியது மட்டும்தான், உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. முதன்முதலாக ஒரு பாயிண்ட் உதிர வேண்டியிருந்தது இந்தத் திங்கள்தான், அதனால் தப்பு இப்போதுதான் தெரிகிறது. இதுதான் இருந்தது. B தேதி, C பாயிண்ட்.

```
=SUM(ARRAY_CONSTRAIN(SORT(FILTER(C2:C40, B2:B40>TODAY()-365), 1, FALSE), 5, 1))
```

ஞாயிறு ஃபைனல் முடிந்தால் மறுநாள் திங்கள் தேதி போட்டுப் பாயிண்ட் ஏற்றுவேன். போன வருஷம் அது ஜூன் 16, இந்த வருஷம் ஜூன் 15. திங்களன்று ஷீட் 365 நாள் பின்னால் போய் போன வருஷம் ஜூன் 15ஐப் பார்த்தது. 16 அதற்குப் பிறகு வருவதால் உங்கள் பழைய 100 இன்னும் உயிரோடு இருந்தது. செவ்வாயன்று விழுந்துவிட்டது.

52 வாரம் என்பது 364 நாள், ஒரு வருஷத்துக்கு 365. அந்த ஒரு நாள்தான் வில்லன். நானும் வருஷம் என்றதும் 365 என்று போட்டுவிட்டேன். ஸ்டேட்டஸ் போட வைத்ததற்கு மன்னிக்கவும்.

---

கிருஷ்ணகிரி_இடதுகை | புதன், மதியம் 2.05

சரி விடுங்கள், உங்கள் மேல் சந்தேகப்பட்டதற்கு நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே போய்விட்டது.

---

பழைய_அம்பயர் | புதன், மாலை 5.40

364 போட்டால் இந்தத் தப்பு போகும். TODAY() என்பதையும் எடுத்துவிடுங்கள் தம்பி. அது இருக்கும்வரை ரேங்கிங் வாரத்தில் எந்த நாளும் மாறும். யாராவது ஒரு போட்டியின் பாயிண்டைத் திங்களுக்குப் பதில் புதனன்று ஏற்றினால் அடுத்த வருஷம் அது புதனன்று விழும். ஒரு கட்டத்தில் ரேங்கிங் தேதியை எழுதி வையுங்கள், திங்கள்தோறும் அதை மட்டும் மாற்றுங்கள். அந்த வாரம் முழுக்க அதுதான் ரேங்கிங்.

---

கெலமங்கலம்_கணக்கு | புதன், இரவு 8.15

செய்துவிடலாம். ஆனால் இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று வருகிறது, இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

ஓசூர் போட்டி போன வருஷம் செப்டம்பர் நடுவில் முடிந்தது. இந்த வருஷம் அந்தச் சமயத்தில் கோர்ட் கிடைக்கவில்லை, அக்டோபர் நடுவுக்குத் தள்ளுகிறோம். அதற்குப் பதில் நவம்பரில் நடந்த தர்மபுரி போட்டியை அக்டோபர் முதல் வாரத்துக்கு முன்னால் கொண்டு வருகிறோம்.

364 நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால், செப்டம்பரில் எல்லாருடைய ஓசூர் பாயிண்டும் விழுந்துவிடும். புதிய ஓசூர் நடக்க ஒரு மாதம் இருக்கும். அந்த இடைவெளியில் தர்மபுரிக்கு சீடிங் போட வேண்டும். தர்மபுரியிலோ நேர்மாறு. அக்டோபரில் புதியது ஏறும், பழையது நவம்பர் வரை விழாது. ஆறு வாரம் இரண்டு தர்மபுரியும் சேர்ந்து நிற்கும். ஜூனில் ஒரு நாள் நடந்த கூத்து ஆறு வாரம் நடக்கும்.

---

பாலக்கோடு_பாலா | புதன், இரவு 8.50

தேதியைப் பார்க்காமல் போட்டியின் பெயரைப் பாருங்கள். புதிய ஓசூர் வரும்வரை பழைய ஓசூர் நிற்கட்டும். புதிய தர்மபுரி வந்ததும் பழைய தர்மபுரி போகட்டும். முடிந்தது கதை.

---

பழைய_அம்பயர் | வியாழன், காலை 6.30

தர்மபுரிக்கு பாலா சொன்னதுதான் சரி. ஒரே போட்டி ஒருவர் கணக்கில் இரண்டு முறை நிற்கக் கூடாது. 2020இல் கொரோனாவால் பிரெஞ்சு ஓப்பனை செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடித்தார்கள், அடுத்தது 2021 மே கடைசியிலேயே தொடங்கிவிட்டது. வெறும் 52 வாரம் பார்த்தால் சில மாதம் இரண்டு பிரெஞ்சு ஓப்பன் கணக்கில் இருந்திருக்கும். அந்தக் காலத்துக்கென்று தனி விதி வைத்துத்தான் சமாளித்தார்கள்.

ஓசூருக்கு அவர் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அக்டோபரும் தள்ளிப்போய் டிசம்பர் ஆனால்? இந்த வருஷம் நடக்கவே இல்லை என்றால்? போன செப்டம்பரில் எடுத்த பாயிண்ட் ஒன்றே கால் வருஷம், ஒன்றரை வருஷம் என்று நின்றுகொண்டே இருக்கும். பெரிய டூரில் இரண்டு வழியையும் பார்த்திருக்கிறோம். 2020இல் விம்பிள்டன் நடக்கவில்லை, 2019 பாயிண்டை விழாமல் நிறுத்தி வைத்தார்கள். 2022இல் போட்டி நடந்தது, ஆனால் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களைச் சேர்க்க மறுத்ததால் டூர் அமைப்புகள் அதற்குப் பாயிண்ட் தரவில்லை. 2021 பாயிண்டை மட்டும் வழக்கம்போல உதிர விட்டார்கள். ஜோகோவிச் கோப்பையை ஜெயித்து, மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார். அதே திங்கள் ஃபெடரர் பட்டியலிலிருந்தே மறைந்தார். அதற்கு முன் அவர் கடைசியாக ஆடியது 2021 விம்பிள்டன்தான், அது விழுந்ததும் கையில் ஒன்றும் இல்லை.

உங்கள் ஷீட்டுக்கு என் யோசனை. D என்று இன்னொரு பத்தி, அதில் விழும் தேதி. வழக்கமாக B தேதியுடன் 364 கூட்டி வரும் நாள். அதே போட்டி அதற்கு முன்னாலேயே மறுபடி நடந்து முடிந்தால் அந்தத் திங்களைக் கையால் எழுதுங்கள். எது முந்துகிறதோ அது. E1இல் அந்த வாரத்தின் ரேங்கிங் தேதி.

```
=SUM(ARRAY_CONSTRAIN(SORT(FILTER(C2:C40, B2:B40<=E1, D2:D40>E1), 1, FALSE), 5, 1))
```

இதில் தர்மபுரி இரட்டிப்பு தீரும். ஓசூர் இடைவெளி தீராது. என் கருத்தில் அது தீர வேண்டியதும் இல்லை. 52 வாரம் என்றால் 52 வாரம்.

---

கிருஷ்ணகிரி_இடதுகை | வியாழன், காலை 7.15

சார், உங்களுக்குத் தீர வேண்டியது இல்லை, எனக்கு அங்கேதான் 65 இருக்கிறது! செப்டம்பரில் அது விழுந்தால் அரூர் 20 உள்ளே வந்து 160. அந்த 160ஐ வைத்துத் தர்மபுரியில் சீடிங் போட்டால் முதல் எட்டிலேயே இருப்பேனோ என்னவோ. முதல் சுற்றிலேயே நம்பர் ஒன்னிடம் மாட்டலாம். கோர்ட் கிடைக்காதது என் தப்பா?

---

காவேரிப்பட்டணம்_சர்வீஸ் | வியாழன், காலை 10.20

எல்லாருக்கும்தானே ஓசூர் விழுகிறது? அங்கே கோப்பை எடுத்தவருக்கு 100 விழும். உங்களுக்கு மட்டும் இல்லையே.

என் கேள்வி வேறு. ஜனவரியில் முழங்கால் ஆபரேஷன். டாக்டர் ஆகஸ்ட் வரை ஆடாதே என்கிறார். போன ஜூனில் எடுத்த என் பாயிண்ட் உதிர்வதை உட்கார்ந்து பார்த்தேன். அடிபட்டவனுக்கு ஒன்றும் கிடையாதா?

---

பழைய_அம்பயர் | வியாழன், மாலை 6.05

பெரிய டூரில் உண்டு. ஆண்கள் டூரில் ஆறு மாதமாவது ஆட முடியாமல் இருந்தால் பாதுகாக்கப்பட்ட ரேங்கிங் கேட்கலாம். அடிபட்ட முதல் மூன்று மாதத்தில் இருந்த ரேங்கின் சராசரி. ஆனால் அது போட்டிக்குள் நுழைவதற்கு மட்டும்தான், சீடிங்குக்கு உதவாது. பாயிண்டும் திரும்ப வராது. பட்டியலில் இறங்கிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

நம் சுற்றில் 16 பேர் டிரா, வருகிற எல்லாருக்கும் இடம் கிடைக்கிறது. அதனால் நுழைவு உரிமையை வைத்து உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சீடிங்கில் சலுகை வேண்டும் என்றால் அது புதிய விதி, கமிட்டிதான் பேச வேண்டும். முதலில் முழங்காலைப் பாருங்கள்.

---

கெலமங்கலம்_கணக்கு | வியாழன், இரவு 9.30

D பத்தி போட்டாயிற்று. E1இல் போன திங்கள் தேதியைப் போட்டுப் பார்த்தேன், இடதுகை அண்ணாவுக்கு 205 என்றே வருகிறது, அன்றைக்கே ஆறாம் இடம்.

ஓசூர் பற்றி நான் முடிவு எடுக்க முடியாது. பழையதை அக்டோபர் வரை நிறுத்தலாம் என்று ஓசூர்க்காரர்கள் சொல்கிறார்கள், தர்மபுரிக்காரர்கள் கூடாது என்கிறார்கள். யார் யாருக்கு அங்கே எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பார்த்தால் காரணம் உங்களுக்கே புரியும். செப்டம்பருக்குள் எழுத்தில் வர வேண்டும், விழுந்த பிறகு பேசினால் சண்டைதான்.

---

கிருஷ்ணகிரி_இடதுகை | வியாழன், இரவு 10.10

இப்போது நானே போட்டுப் பார்த்தேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். மற்றதெல்லாம் விழுவதற்கு முன்னால் ஓசூர் நடந்தால், கோப்பை எடுத்தால் 240, ரன்னர் என்றால் அதே 205, செமி என்றால் 180, கால் இறுதி என்றால் ஆடாமல் இருந்த அதே 160. ஆனால் தர்மபுரி முன்னால் வருவதால் நவம்பர் 40உம் அக்டோபரிலேயே போகும், இல்லையா? அப்போது இதெல்லாம் மாறும். இரண்டும் பத்து நாள் இடைவெளியில் வருகின்றன, என் 105 பாயிண்ட் அங்கே இருக்கிறது.

---

பழைய_அம்பயர் | வெள்ளி, காலை 6.10

கணக்கு சரி. தர்மபுரியில் செமி போனால் 40க்கு 40, அங்கே சமம். முதல் சுற்றில் போனால் 5தான் கிடைக்கும். அப்போது அந்த 5 கூட உங்கள் ஐந்தாவது இடத்துக்கு வந்து உட்காரும், வெளியே காத்திருக்க உங்களிடம் வேறு முடிவு இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் சுற்றுக்குப் போட்டி ஏதும் இல்லையா?

---

கெலமங்கலம்_கணக்கு | வெள்ளி, காலை 8.00

ஆடிப் பெருக்கு முடிந்து ஒகேனக்கல் பக்கம் கூட்டம் குறைந்ததும் பென்னாகரத்தில் ஒன்று நடத்தப் பேச்சு நடக்கிறது. புதிய போட்டி என்பதால் அங்கே யாருக்கும் பழைய பாயிண்ட் விழாது, எடுப்பதெல்லாம் லாபம். கோர்ட்டுக்கு இன்னும் கோடு போடவில்லை.